இறுதிக் கடிதத்தில் மிரட்டல் வேண்டாம், கணக்கு இருக்கட்டும்

எங்கள் பக்கத்தில் முக்கியமான கடிதம் என்றால் சட்டத்தரணியிடம் போகுமுன் ஆசிரியரிடம் வருவார்கள். மனு, மேன்முறையீடு, காணிப் பிரச்சினை என்று பலதும் வரும். கொஞ்சக் காலமாக அதிகம் வருவது கடன் கடிதங்கள். "சேர், இதைக் கொஞ்சம் சூடாக எழுதித் தாங்க. பார்த்ததும் ஆள் பயப்பட வேணும்" என்பார்கள். அந்தச் சூடுதான் பின்னர் எழுதியவரையே சுடுகிறது. எப்படி என்பதை ஒரு கடிதத்தை எடுத்துத் திருத்திக் காட்டினால் விளங்கும். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஏறாவூரைச் சேர்ந்த ஒருவரிடம் வெட்டு மெசின் ஒன்று இருக்கிறது. கடந்த பெரும்போகத்தில் கரடியனாற்றில் ஒரு விவசாயியின் 20 ஏக்கர் வயலை வெட்டிக் கொடுத்தார். ஏக்கருக்கு 12,000 ரூபாய் என்று வாயால் பேசிக்கொண்டார்கள். மொத்தம் 240,000. நெல் விற்றதும் விவசாயி 60,000 கொடுத்தார். மிச்சத்தைச் சித்திரைப் புதுவருடத்துக்கு முன், ஏப்ரல் 10ஆம் திகதிக்குள் தருவதாக வட்ஸ்அப்பில் எழுதினார். ஒக்டோபர் வந்தும் காசு வரவில்லை. மெசின்காரர் எழுதிக்கொண்டு வந்த கடிதம் இது:

"உமக்கு இதுவே இறுதி எச்சரிக்கை. நீர் என்னை ஏமாற்றி ஆறு மாதமாகிறது. உமது ஊர் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் என்று இப்போது விளங்குகிறது. வட்டியோடு 250,000 ரூபாயை 7 நாட்களுக்குள் தராவிட்டால் உடனே கோட்டில் வழக்குப் போட்டு உள்ளே தள்ளுவேன். உமது படத்தைப் பேஸ்புக்கில் போடுவேன். பொடியன்மாரோடு வந்து உழவு மெசினைத் தூக்குவேன். பிரதிகள்: கிராம சேவகர், கமக்கார அமைப்பின் தலைவர்."

அவருடைய கோபம் நியாயமானது. டீசலுக்கும் சாரதிக்கும் அவர் கைக்காசு கொடுத்திருக்கிறார். ஆனால் இந்தக் கடிதத்தில் 180,000 என்ற உண்மையான தொகையே இல்லை. வயல் வெட்டியதாக ஒரு வரியும் இல்லை.

கடிதத்தின் இரண்டாவது வாசகர்

இறுதிக் கடிதத்தைக் கடனாளி மட்டும் வாசிப்பதில்லை. அவர் காசைக் கட்டிவிட்டால் கதை முடிந்தது. கட்டாவிட்டால் அதே தாளை மத்தியஸ்த சபையினர் வாசிப்பார்கள், அதன் பிறகு நீதிபதி வாசிப்பார். அவர்களுக்கு உங்களையும் தெரியாது, அவரையும் தெரியாது. கையிலிருக்கும் தாளைத்தான் தெரியும்.

இலங்கை நீதிமன்றங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் சரவணமுத்து எதிர் டி மெல் என்ற அந்தத் தீர்ப்பு, புதிய சட்ட அறிக்கைகளின் 49ஆம் தொகுதியில் உள்ளது. வியாபார விடயத்தில் ஒருவர் மற்றவருக்குக் கடிதம் எழுதி, நடந்தது இதுதான் என்று குறிப்பிட்டால், அதை ஏற்காதவர் பதில் எழுத வேண்டும். எழுதாமல் இருந்தால் அந்த மௌனம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். அதில் சொல்லப்பட்ட கொள்கை இதுதான்.

இதற்கு எல்லையும் உண்டு. இங்கிலாந்தில் 1891இல் தீர்க்கப்பட்ட வீட்மன் எதிர் வால்போல் வழக்கில், திருமண வாக்கை மீறியதாகக் குற்றம் சாட்டிய கடிதங்களுக்கு அந்த ஆண் பதில் எழுதவில்லை. அந்த மௌனத்தை ஒப்புதலாக எடுக்க நீதிமன்றம் மறுத்தது. குற்றம் சாட்டி வரும் கடிதங்களுக்கெல்லாம் ஒரு மனிதன் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். வியாபாரக் கடிதம் வேறு, வசைக் கடிதம் வேறு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தேவையான பாடம் கிடைக்கிறது. "20 ஏக்கர் வெட்டினேன், 240,000 பேசினோம், 60,000 தந்தீர்கள், 180,000 மிச்சம்" என்று எழுதினால், பதில் வராதபோது அந்த மௌனம் உங்களுக்குச் சாட்சியாகப் பயன்படக்கூடும். "நீர் ஏமாற்றுக்காரர், தூக்குவேன், தள்ளுவேன்" என்று எழுதினால், மௌனம் எதை ஒப்புக்கொள்வது? "இப்படி ஒரு கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வியாகவும் இருக்கும்.

ஒவ்வொரு மிரட்டலும் எங்கே திரும்புகிறது

முதலாவது, "7 நாட்களில் கோட்டில் வழக்கு." இது நடக்காத காரியம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கடன் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். மக்கள் வாயில் இது இணக்க சபை. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த எல்லையை 500,000 ரூபாயாக உயர்த்தியது. 180,000 அதற்குள் அடங்கிவிடும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் போனால் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. இது தெரிந்த ஒருவரிடம் கடனாளி கடிதத்தைக் காட்டினால், "ஏழு நாளில் ஒன்றும் நடக்காது, பேசாமல் இருங்கள்" என்றுதான் சொல்வார். எட்டாம் நாள் ஒன்றும் நடக்காதபோது, உங்கள் அடுத்த கடிதத்துக்கும் மதிப்பிருக்காது.

"உள்ளே தள்ளுவேன்" என்பதும் அப்படித்தான். கூலி நிலுவை ஒரு சிவில் கடன். வேலைக்கான காசைத் தர முடியாமற் போனதற்காக மட்டும் யாரும் மறியலுக்குப் போவதில்லை. திரும்பி வந்த காசோலை போன்றவற்றுக்கு வேறு சட்டம் உண்டு. இங்கே காசோலை எதுவும் இல்லை.

இரண்டாவது, "மெசினைத் தூக்குவேன், பேஸ்புக்கில் போடுவேன்." கடன் உண்மையாக இருந்தாலும் கடனாளியின் பொருளை நாமாகப் போய் எடுக்க நமக்கு உரிமையில்லை. நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகும் பொருளைக் கைப்பற்றுவது நீதிமன்ற அலுவலரின் வேலை. தண்டனைச் சட்டக் கோவையின் 483ஆம் பிரிவு குற்றவியல் மிரட்டலை விளக்குகிறது. ஒருவருடைய உடலுக்கோ சொத்துக்கோ நற்பெயருக்கோ தீங்கு செய்வதாகச் சொல்லிப் பயமுறுத்தி, அவர் செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்ய வைக்க முயல்வதும் அவரைக் கலங்கச் செய்வதும் அதில் அடங்கும். "தீங்கு" என்று சட்டம் சொல்வது சட்டவிரோதமான தீங்கை. எனவே "வழக்குத் தொடருவேன்" என்பது மிரட்டல் அல்ல, அது உங்கள் உரிமை. "பொடியன்மாரோடு வருவேன்" என்பது அப்படியல்ல. அந்த ஒரு வரியோடு கடனாளி பொலிஸ் நிலையத்துக்குப் போனால், காசு கேட்டவர் அங்கே முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்க வேண்டிய 180,000 பின்னுக்குப் போய்விடும்.

மூன்றாவது, "ஏமாற்றுக்காரர்" என்ற சொல்லும் கீழே போட்ட பிரதிகளும். கடனாளிக்கு மட்டும் அனுப்பினால் அது இருவருக்கிடையிலான விடயம். கிராம சேவகருக்கும் கமக்கார அமைப்புக்கும் பிரதி போனால், மூன்றாம் ஆளிடம் அவரைப் பற்றி இழிவாகச் சொன்னதாகிறது. 2002இல் அவதூறு தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டாலும், சிவில் வழக்காக நட்டஈடு கேட்கும் வழி திறந்தே இருக்கிறது. காசு தராமல் இருப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னையது உங்களால் நிரூபிக்கக்கூடியது. பின்னையதற்கு அவருடைய மனத்தில் என்ன இருந்தது என்று காட்ட வேண்டும்.

"உமது ஊர் ஆட்கள்" என்ற வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏறாவூரிலிருந்து கரடியனாற்றுக்குப் போகும் கடிதத்தில் அந்த வரி இருந்தால், ஒருவருடைய கடன் இரண்டு ஊர்களின் பிரச்சினையாகிவிடும். ஒரு கைபேசிப் படம் போதும், அது எத்தனை குழுமங்களுக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த போகத்துக்கு அந்த வட்டைக்குள் இந்த மெசின் மட்டுமல்ல, ஏறாவூர் மெசின் எதுவுமே இறங்க முடியாத நிலை வரலாம்.

நான்காவது, தொகை. 180,000 எப்படி 250,000 ஆனது என்று கேட்டேன். "வட்டி என்று போட்டால் பயப்படுவார்தானே" என்றார். வட்டி பேசப்படவே இல்லை. வாங்கும் எண்ணமும் அவருக்கு இல்லை, வாங்கக் கூடாது என்று நம்புகிறவர். யாரோ எழுதிய மாதிரிக் கடிதத்தைப் பார்த்து அந்தச் சொல் வந்திருக்கிறது. மார்க்கம் தடுத்ததைப் பயமுறுத்துவதற்காகக்கூட எழுதக் கூடாது என்பது ஒரு பக்கம். சட்டப் பக்கத்தில், கூட்டிச் சொன்ன தொகை கடிதம் முழுவதையும் கெடுக்கிறது. 70,000 பொய் என்று கடனாளி காட்டிவிட்டால், மற்ற 180,000 உண்மையா என்ற கேள்வி தானாக வரும்.

திருத்தி எழுதிய கடிதம்

ஏறாவூர்
2025.10.08
பதிவுத் தபால்

(பெறுநரின் முழுப் பெயரும் முகவரியும்)

ஐயா,

நெல் அறுவடைக் கூலி நிலுவை ரூபா 180,000 – இறுதி அறிவித்தல்

1. கரடியனாற்றில் உள்ள உங்கள் வயலில் 2025.02.20, 2025.02.21 ஆகிய இரு நாட்களும் எனது இயந்திரத்தால் 20 ஏக்கர் நெல் அறுவடை செய்யப்பட்டது. ஏக்கருக்கு ரூபா 12,000 எனப் பேசிக்கொண்டோம். மொத்தக் கூலி ரூபா 240,000.

2. 2025.03.08 அன்று ரூபா 60,000 தந்தீர்கள். மிகுதி ரூபா 180,000.

3. மிகுதியை 2025.04.10ஆம் திகதிக்கு முன் தருவதாக 2025.03.08 அன்று வட்ஸ்அப் மூலம் எழுதியிருந்தீர்கள். அதன் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. இன்றுவரை அத்தொகை கிடைக்கவில்லை.

4. ரூபா 180,000ஐ 2025.10.29ஆம் திகதி அல்லது அதற்கு முன் கீழுள்ள வங்கிக் கணக்கில் வைப்பிலிடுமாறும், அல்லது நேரில் தந்து பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

5. மேலுள்ள ஏக்கர் அளவிலோ கூலியிலோ கொடுத்த தொகையிலோ தவறு இருப்பதாகக் கருதினால், எது தவறு என்பதை அதே திகதிக்கு முன் எழுத்தில் அறிவியுங்கள். தவணையாகச் செலுத்த விரும்பினால், தொகைகளையும் திகதிகளையும் குறிப்பிட்டுக் கையொப்பத்துடன் எழுதி அனுப்புங்கள்.

6. 2025.10.29க்குள் பணமோ பதிலோ கிடைக்காவிட்டால், மேலும் அறிவிக்காமல் உரிய மத்தியஸ்த சபையில் விண்ணப்பிப்பேன். அங்கு இணக்கம் ஏற்படாவிட்டால், அதற்கான சான்றிதழைப் பெற்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடருவேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், முகவரி, தொலைபேசி)

இதில் சூடு குறைந்துவிட்டதா என்று அவர் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இருக்கலாம். இதைக் கையில் எடுத்தால் ஏதாவது ஒரு வரிக்குப் பதில் தேட வேண்டியிருக்கும்.

ஏன் இப்படி?

கடைசித் திகதியைக் கவனியுங்கள். "7 நாட்களுக்குள்" என்று எழுதினால் கடிதம் எழுதிய நாளிலிருந்தா, கிடைத்த நாளிலிருந்தா என்று தகராறு வரும். திகதியைப் போட்டால் அந்தப் பேச்சே இல்லை. தபால் போய்ச் சேரவும், காசு புரட்டவும் மூன்று கிழமை நியாயமான அவகாசம்.

ஐந்தாம் பந்தியைச் சிலர் பலவீனம் என்று நினைப்பார்கள். கடனாளிக்கு நாமே சாக்குச் சொல்லிக் கொடுப்பதா என்பார்கள். ஆனால் வயல்காரர் மனத்தில் உண்மையாகவே ஒரு குறை இருக்கலாம். வெட்டியது 20 ஏக்கர் இல்லை, 18 ஏக்கர்தான் என்று அவர் நினைக்கலாம். மெசின் நெல்லைச் சிந்திவிட்டது என்ற மனத்தாங்கல் இருக்கலாம். அது இப்போதே எழுத்தில் வந்தால் தகராறு இரண்டு ஏக்கருக்கு, அதாவது 24,000 ரூபாய்க்குச் சுருங்கும். மிச்சம் 156,000ஐப் பற்றிப் பேச்சில்லை. எழுதாமல் இருந்துவிட்டு ஒரு வருடம் கழித்து முதன்முறையாகச் சொன்னால், "அன்று ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி அவருக்குத்தான் வரும்.

ஆறாம் பந்தியில் நீங்கள் உண்மையில் செய்யக்கூடியதும் செய்யப்போவதும் மட்டுமே இருக்க வேண்டும். "உரிய சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்த வாசலுக்குப் போவீர்கள் என்று சொல்வதில் உறுதி அதிகம். ஏனெனில் ஒக்டோபர் 30ஆம் திகதி அதை அப்படியே செய்யலாம்.

விட்டுக்கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். "150,000 தந்தாலும் போதும்" என்று இதில் எழுதினால், நீங்கள் கேட்பதே 150,000தான் என்று பின்னர் வாசிக்கப்படும். அப்படியொரு யோசனையை "உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று தலைப்பிட்ட வேறு கடிதத்தில் எழுதலாம். அந்தத் தலைப்போடு எழுதும் சமரசப் பேச்சை வழக்கில் ஒப்புதலாகக் காட்ட முடியாது. அதனாலேயே அந்தத் தலைப்பை இறுதி அறிவித்தலில் போடக் கூடாது. இறுதி அறிவித்தலை நாம் எழுதுவதே பின்னர் காட்டுவதற்காகத்தான்.

கடிதம் அனுப்பினாலும் காலம் ஓடும்

பலருக்கும் தெரியாத ஒன்று இது. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் கடன் உயிரோடிருக்கும் என்று நினைக்கிறார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். எழுதாத ஒப்பந்தத்துக்குப் பொதுவாக மூன்று வருடம். ஆனால் விற்றுக் கொடுத்த பொருள், கடைக் கொப்பிக் கடன், செய்து கொடுத்த வேலை, கூலி ஆகியவற்றுக்கு, காசு கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு வருடம். நம்மவர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கும் மெசின் ஓட்டுபவர்களுக்கும் வரும் கடன்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வருடத்துக்குள்தான் அடங்கும்.

நம் மெசின்காரரின் கணக்கு ஏப்ரல் 10இலிருந்து என்று எடுத்தால் 2026 ஏப்ரலில் முடியும். வேலை முடிந்த பெப்ரவரி 21ஆம் திகதியே காசு கட்ட வேண்டிய நாள் என்று எதிர்த்தரப்பு வாதாடினால் அதற்கும் முந்திவிடும். எனவே பாதுகாப்புக்குப் பெப்ரவரியையே எல்லையாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். எங்கள் கடிதம் அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. கடனாளி கடனை ஏற்றுக் கையொப்பமிட்டு எழுதித் தந்தால், அந்த நாளிலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும். ஐந்தாம் பந்தியில் தவணை யோசனையைக் கையொப்பத்துடன் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். தவணைக்கு ஒத்துக்கொண்டு அவர் எழுதும் ஒரு தாள், பத்து மிரட்டலைவிடப் பெறுமதியானது.

அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. 280ஆம் வசனம் கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. அவகாசத்தை வாயால் கொடுத்தால் உங்கள் உரிமை காலாவதியாகலாம். எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அவருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும், உங்கள் உரிமையும் இருக்கும்.

அனுப்பிய பிறகு

பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள். கடிதம் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். வட்ஸ்அப் செய்தியை அச்செடுத்தாலும், அது வந்த கைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். இடையில் அவர் கோல் எடுத்தால் மரியாதையாகப் பேசுங்கள், பேசி முடித்த பின் பேசியதைச் சுருக்கமாக ஒரு செய்தியாக அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

திகதி கடந்துவிட்டால் மூன்றாவது "இறுதி" அறிவித்தல் எழுத வேண்டாம். அடுத்த நாளே மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பியுங்கள். பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலைக் கட்டடங்களில்தான் அது கூடும். இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி பேச மாட்டார். மூன்று பேர் முன்னால் நீங்களே உட்கார்ந்து உங்கள் கடிதத்தை நீட்ட வேண்டும். எதிரே அந்த விவசாயியும் இருப்பார்.

அந்த மேசையில் பழைய கடிதம் இருந்தால், பேச்சு உழவு மெசினைத் தூக்குவதைப் பற்றியும் ஊரைத் திட்டியதைப் பற்றியும் இருக்கும். புதிய கடிதம் இருந்தால் 180,000 ரூபாயைப் பற்றி இருக்கும்.